இரண்டாவது சந்திப்புக்குச் சம்மதிக்கலாமா?

டேட்டிங் செயலி வழியே அறிமுகமாகும் இருவரின் முதல் சந்திப்பு பெரும்பாலும் மோசமாகவும் முடிவதில்லை, மனதைப் பறிப்பதாகவும் அமைவதில்லை. சொன்ன நேரத்துக்கு இருவரும் வருகிறார்கள். பேச்சு தடங்கலின்றி ஓடுகிறது. பில் வந்ததும் பாதிப் பாதி போட்டுக்கொள்கிறார்கள். வீடு திரும்பும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை, நினைத்துச் சிரிக்கவும் ஒன்றுமில்லை. மறுநாள் வாட்ஸாப்பில் ஒரு செய்தி வருகிறது: “நேத்து நல்லா இருந்துச்சு. அடுத்த வாரம் மறுபடி பார்க்கலாமா?” பிடிக்காதவருக்கு மறுப்புச் சொல்வது எளிது, பிடித்தவருக்குச் சம்மதம் சொல்வது அதைவிட எளிது. இரண்டுக்கும் நடுவில் இருப்பவருக்கு என்ன பதில் சொல்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

தமிழ்நாட்டு நகரங்களில் இந்தத் தடுமாற்றத்துக்குக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு. பெண் பார்க்கும் வழக்கத்தில் இரண்டாவது முறை பார்ப்பதென்றால் பாதிச் சம்மதம் கொடுத்ததாகவே பொருள். அதன் பிறகு பெரியவர்கள் பேசத் தொடங்கிவிடுவார்கள், பின்வாங்கினால் இரண்டு குடும்பங்களுக்கும் மனவருத்தம். அந்தக் கனத்தைச் சென்னையிலோ கோவையிலோ தனியாக வேலை பார்க்கும் இளைஞர்களும் அறியாமலே ஒரு காபிக் கடைச் சந்திப்பின்மேல் ஏற்றிவிடுகிறார்கள். “இவரோடு வாழ முடியுமா?” என்று தங்களையே கேட்டுக்கொண்டு, விடை தெரியாததால் மறுத்துவிடுகிறார்கள். இந்தக் கட்டத்தில் அந்தக் கேள்விக்கு எவராலும் விடை சொல்ல முடியாது. தீர்மானிக்க வேண்டியது, இவரோடு இன்னும் இரண்டு மணி நேரம் செலவிட்டால் புதிதாக ஏதாவது தெரியவருமா என்பது மட்டும்தான்.

அதற்கு, முதல் சந்திப்பு எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நடத்தையை அது ஓரளவு நன்றாகவே காட்டும். பரிமாறுபவரிடம் எப்படிப் பேசினார், எதிரில் இருப்பவர் பேசும்போது காது கொடுத்தாரா, ஒரு விஷயத்தில் கருத்து மாறுபட்டபோது முகம் எப்படிப் போனது, “வேண்டாம்” என்று சொன்னதை ஏற்றுக்கொண்டாரா என்பவை முக்கால் மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். முதல் நாளிலேயே மரியாதைக் குறைவு தெரிந்தால், பழகப் பழக அது கூடுவதற்கே வாய்ப்பு அதிகம், ஏனென்றால் எல்லோரும் தங்கள் நல்ல முகத்தைக் காட்டும் நாள் அது.

ஈர்ப்பின் கதை வேறு. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எலைன் வால்ஸ்டரும் அவருடைய சகாக்களும் செய்த ஓர் ஆய்வு 1966-இல் வெளியானது. புதிதாகச் சேர்ந்த 700-க்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு ஒரு நடன விருந்து ஏற்பாடு செய்து, கணினி ஒவ்வொருவருக்கும் பொருத்தமான இணையைத் தேர்ந்தெடுத்திருப்பதாகச் சொன்னார்கள். உண்மையில் இணைகள் குலுக்கல் முறையில்தான் சேர்க்கப்பட்டிருந்தார்கள். இடைவேளையில் கேட்டபோது, இணையை மறுபடி சந்திக்கும் விருப்பத்தைத் தீர்மானித்தது அவருடைய தோற்றம் என்று தெரிந்தது. படிப்புத் திறனும் குணத்தை அளக்கும் தேர்வுகளின் மதிப்பெண்களும் அதில் எடுபடவில்லை. முதல் சில மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரிவதே மனதில் நிற்கிறது, மற்றவை மேலே வரக் காலம் பிடிக்கிறது.

அந்தக் காலம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதைப் பால் ஈஸ்ட்விக்கும் லூசி ஹண்ட்டும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் பார்க்கலாம். ஒரே வகுப்பில் படிக்கும் மாணவர்களிடம் பருவத்தின் தொடக்கத்தில், யார் யார் கவர்ச்சியானவர்கள் என்று கேட்டால் பதில்கள் பெருமளவு ஒத்துப்போயின. மாதங்கள் கழிந்து, ஒருவரோடொருவர் பழகிய பின் கேட்டபோது அந்த ஒற்றுமை குறைந்தது. ஒருவருக்குச் சாதாரணமாகத் தெரிந்தவர் இன்னொருவருக்கு மிகவும் பிடித்தவராகியிருந்தார். சமந்தா ஜோயல், ஈஸ்ட்விக், இலை ஃபிங்கெல் மூவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில்தான் செல்கிறது. நான்கு நிமிடச் சந்திப்புகளில் கலந்துகொண்டவர்களிடம் முன்கூட்டியே நூற்றுக்கும் மேற்பட்ட குணங்களையும் விருப்பங்களையும் பற்றிக் கேட்டு, அந்தத் தகவல்களைக் கணினிக்குக் கொடுத்தார்கள். பொதுவாக யாரைப் பலருக்குப் பிடிக்கும் என்பதைக் கணினி ஓரளவு கணித்தது. குறிப்பிட்ட இருவருக்கு ஒருவர்மேல் ஒருவருக்குத் தனிப்பட்ட பிடிப்பு வருமா என்பதை அதனால் கணிக்கவே முடியவில்லை. சுயவிவரப் பக்கத்தில் எல்லாம் பொருந்தியும் நேரில் ஒன்றும் தோன்றவில்லையே என்று வருந்துவோரும், எதுவும் பொருந்தாமலே மனம் போய்விட்டதே என்று வியப்போரும் இருப்பது இதனால்தான்.

பலர் எதிர்பார்ப்பது இளைஞர்கள் பேச்சில் “ஸ்பார்க்” என்று சொல்லப்படும் அந்த முதல் பொறியை. அது வராததையே மறுப்பதற்குப் போதுமான காரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தப் பொறி எதனால் உண்டாகிறது என்று கவனித்தால் அதன் மேலுள்ள நம்பிக்கை கொஞ்சம் குறையும். கனடாவில் வான்கூவர் அருகே உள்ள கப்பிலானோ தொங்கு பாலத்தில் டொனால்ட் டட்டனும் ஆர்தர் ஏரனும் நடத்திய சோதனை 1974-இல் வெளியானது. பள்ளத்தாக்கின் மேல் ஆடும் அந்தப் பாலத்தைக் கடந்துவந்த ஆண்களை ஓர் இளம்பெண் நிறுத்திச் சில கேள்விகள் கேட்டு, மேற்கொண்டு விவரம் வேண்டுமானால் அழைக்கலாம் என்று தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். தாழ்வான, உறுதியான இன்னொரு பாலத்திலும் இதையே செய்தார்கள். ஆடும் பாலத்தில் எண்ணை வாங்கியவர்களே அதிகமாக அழைத்தார்கள். பயத்தில் ஏறிய இதயத் துடிப்பை எதிரில் நின்ற பெண்ணின்மேல் வந்த ஈர்ப்பு என்று மனம் எடுத்துக்கொண்டது என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம். முதல் சந்திப்பின் படபடப்பிலும் இப்படிப்பட்ட கலவை இருக்கக்கூடும். நேரத்துக்குப் பதில் போடாமல் ஏங்கவைப்பவர், பாராட்டிவிட்டுச் சட்டென்று விலகுபவர் முன்னால் நெஞ்சு அடித்துக்கொள்வது காதலால் மட்டுமல்ல, நிச்சயமின்மையாலும்தான். அமைதியாக, ஒழுங்காக நடந்துகொள்பவர் முன்னால் அந்தப் படபடப்பு வராமல் போவது இயல்பு. அதை அவருடைய குறையாக எழுதிவைப்பது நியாயமல்ல.

பழகினால் பிடித்துவிடும் என்பதும் முழு உண்மையல்ல. ரிச்சர்ட் மோர்லண்ட், ஸ்காட் பீச் இருவரும் 1992-இல் வெளியிட்ட சோதனையில், ஏறத்தாழ ஒரே மாதிரித் தோற்றமுள்ள நான்கு பெண்கள் ஒரு கல்லூரி வகுப்புக்கு மாணவிகளைப்போல வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் ஒருமுறைகூட வரவில்லை, மற்றவர்கள் 5, 10, 15 முறை வந்தார்கள். யாரோடும் பேசவில்லை. பருவ முடிவில் படங்களைக் காட்டிக் கேட்டபோது, அதிக முறை வந்தவரே அதிகம் பிடித்தவராக இருந்தார். ஆனால் இப்படிக் கண்பழக்கத்தால் வரும் விருப்பத்துக்கு ஓர் எல்லை உண்டு. தொடக்கத்தில் நடுநிலையோ லேசான விருப்பமோ இருந்தால்தான் அது வளரும். தொடக்கமே வெறுப்பாக இருந்தால் மறுபடி மறுபடி பார்ப்பது வெறுப்பைத்தான் கூட்டும். ஆகவே “பரவாயில்லை” என்று தோன்றியதும் “பிடிக்கவில்லை, ஆனாலும் நல்லவர்” என்று தோன்றியதும் ஒன்றல்ல. முன்னதற்கு இன்னொரு வாய்ப்பில் பொருள் இருக்கிறது, பின்னதற்கு இல்லை.

அடுத்து, சந்திப்பு சாதாரணமாகப் போனதற்குக் காரணம் எது என்று தேட வேண்டும். ஆளா, இடமா, பேச்சா, அன்றைய மனநிலையா? காபிக் கடை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு நேர்காணலாக மாறிவிடுவது வழக்கம். எங்கே வேலை, எந்த ஊர், எத்தனை வருஷமாகச் சென்னையில், வார இறுதியில் என்ன செய்வீர்கள் என்று கேள்விகள் வரிசையாக வரும், பதில்களும் ஏற்கெனவே பலரிடம் சொல்லித் தேய்ந்தவையாக இருக்கும். இப்படிப் போன ஒரு மணி நேரத்தில் எவராலும் சுவையானவராகத் தெரிய முடியாது.

கூச்சத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். எரிகா பூத்பியும் சகாக்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாத இருவர் பேசி முடித்த பின், தன்னை மற்றவருக்கு எவ்வளவு பிடித்திருக்கும் என்று கேட்டால் இரு பக்கமும் உண்மையைவிடக் குறைத்தே மதிப்பிட்டது தெரியவந்தது. தன்னைப் பிடிக்கவில்லைபோலும் என்று நினைப்பவர் அளந்து பேசுவார், அளந்து பேசுபவர் ஆர்வமற்றவராகத் தெரிவார். இருவரும் இப்படி இருந்துவிட்டால் அந்தச் சந்திப்பு யாருடைய குறையும் இல்லாமலே வெறுமையாக முடிந்துவிடும். செயலியில் அன்றாடம் பல முகங்களைத் தள்ளித் தள்ளிப் பழகிய சோர்வும் ஒரு காரணம். பார்க்கும் ஆட்களின் எண்ணிக்கை ஏற ஏற மறுக்கும் போக்கும் ஏறுகிறது என்று தில்லா பிரோங்க், யாப் டெனிசன் இருவரின் ஆய்வு காட்டியிருக்கிறது. ஒரு மாதத்தில் ஐந்தாறு பேரைச் சந்தித்தவர் “ஒன்றும் தோன்றவில்லை” என்று சொன்னால், அதில் எதிரில் இருந்தவரின் பங்கைவிடக் களைப்பின் பங்கு கூடுதலாக இருக்கலாம்.

இதை ஓர் எடுத்துக்காட்டில் வைத்துப் பார்க்கலாம். சோழிங்கநல்லூரில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் 29 வயதுப் பெண் ஒருவர். அம்பத்தூரில் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராக இருக்கும் 31 வயது ஆண் ஒருவர். சனிக்கிழமை மாலை நுங்கம்பாக்கத்தில் ஒரு காபிக் கடையில் சந்திக்கிறார்கள். பாட்டுச் சத்தம் அதிகம். போக்குவரத்து நெரிசல், அலுவலகம், சமீபத்தில் பார்த்த படம் என்று பேச்சு போகிறது. ஒன்றேகால் மணி நேரத்தில் விடைபெறுகிறார்கள். “நல்ல மனுஷன்தான், ஆனா ஒண்ணும் தோணல” என்று அந்தப் பெண் தோழியிடம் சொல்கிறார்.

இந்த ஒரு வரியோடு நிறுத்தாமல், நடந்ததை அவர் இன்னொரு முறை நினைத்துப் பார்த்தால் சில விவரங்கள் கிடைக்கும். அந்த வாரம் அலுவலகத்தில் புதிய பதிப்பு வெளியாகும் வேலை; மூன்று இரவுகள் சரியான தூக்கமில்லை. கும்பகோணத்தில் அப்பா அச்சகம் வைத்திருப்பதைப் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். அரை மணி கழித்து அவர், “அந்த பிரஸ் இன்னும் ஓடுதுங்களா?” என்று கேட்டார். இவர் “ஓடுது” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கரணையில் பறவை பார்க்கப் போவதாக அவர் சொன்னார். அதைப் பற்றி இவர் ஒன்றும் கேட்கவில்லை. விடைபெறும்போது அவர் பக்கத்தில் நின்றது தொந்தரவாகத் தோன்றவில்லை. வீடு வந்து சேர்ந்தபோது “அப்பாடா, முடிந்தது” என்ற நிம்மதியும் எழவில்லை.

தீர்மானிக்க வேண்டிய விவரங்கள் இவைதான். சொன்னதை நினைவில் வைத்துத் திரும்பக் கேட்டது ஆர்வத்தின் அடையாளம். ஒரு விஷயத்தைச் சொன்னதும் அதையே தொடர்ந்து கேட்பவர்களை எல்லோருக்கும் கூடுதலாகப் பிடிக்கிறது. இங்கே கேட்டவர் கேட்டார், பதில்தான் சுருங்கிவிட்டது. உடலளவில் விலகல் இல்லை. நடத்தையில் குறை இல்லை. தெரிந்துகொள்ளாமல் விட்டுப்போன ஒரு விஷயம், அந்தப் பறவைகள், மிச்சம் இருக்கிறது. சந்திப்பு வெறுமையாகப் போனதில் களைப்புக்கும் இடத்துக்கும் பெரும் பங்கு இருந்திருக்கிறது. இந்தப் பெண் இரண்டாவது சந்திப்புக்குச் சம்மதிப்பதே சரி.

இதே நிகழ்ச்சியில் இரண்டு விவரங்களை மாற்றினால் முடிவும் மாறும். அவர் ஒன்றேகால் மணி நேரமும் தன்னைப் பற்றியே பேசி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்றாலோ, அருகில் வந்தபோது இவருடைய உடல் தன்னையறியாமல் பின்வாங்கியிருந்தாலோ, “நல்ல மனுஷன்” என்ற சான்றிதழ் போதாது. உடலின் விலகலை வாதாடி மாற்ற முயல்வது வீண், இரு பக்கத்துக்கும் துன்பம். வயதையோ மண வாழ்க்கை நிலையையோ பற்றிப் பொய் சொல்லியிருப்பது தெரிந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை. பேச்சு இனிமையாக இருந்தும் வழி பிரிந்தே தீரும் நிலைகளும் உண்டு. ஒருவருக்குக் குழந்தை வேண்டும், மற்றவருக்கு வேண்டவே வேண்டாம். ஒருவர் ஆறு மாதத்தில் நிரந்தரமாக வெளிநாடு போகிறார், மற்றவர் பெற்றோரை விட்டு நகர முடியாதவர். இப்படிப்பட்டவை முதல் சந்திப்பிலேயே தெரிந்துவிட்டால் இரண்டாவது சந்திப்பால் அவை கரையப்போவதில்லை.

மறுக்கத் தயங்குவதால் மட்டுமே சம்மதிப்பவர்களும் நிறைய. சமந்தா ஜோயலும் சகாக்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகக் காட்டியது. விருப்பமில்லாத ஒருவர் சந்திக்க அழைத்தால் மறுத்துவிடுவோம் என்று கற்பனையில் உறுதியாகச் சொன்னவர்களைவிட, அந்த நபர் உண்மையிலேயே பக்கத்து அறையில் காத்திருக்கிறார் என்று நம்பவைக்கப்பட்டவர்களில் அதிகம் பேர் சம்மதித்தார்கள். அவர் மனம் புண்படுமே என்ற கவலைதான் காரணம். நம்மிடம் இந்தக் கவலை இன்னும் கூடுதல். முகத்துக்கு நேரே “வேண்டாம்” என்பது மரியாதைக் குறைவு என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்களுக்கு இது பெரும் சுமை. இரக்கத்தால் சம்மதிக்கிறோமா, ஆர்வத்தால் சம்மதிக்கிறோமா என்று அறிய ஒரு வழி உண்டு. அந்தச் சந்திப்பை அவரே ரத்து செய்துவிட்டதாக நினைத்துப் பார்க்க வேண்டும். சிறு ஏமாற்றம் தோன்றினால் போகலாம். மனம் இலேசானால் போக வேண்டாம்.

சம்மதிப்பதென்று முடிவானால், இரண்டாவது சந்திப்பு முதலாவதன் மறுபதிப்பாக இருக்கக் கூடாது. அதே மேசை, அதே கேள்விகள் என்றால் அதே முடிவுதான் வரும், புதிதாக எதுவும் தெரியாது. இருவரும் சேர்ந்து ஒன்றைப் பார்க்கவோ செய்யவோ இடம் இருப்பது நல்லது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைக் கூடம், முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா, மார்கழியில் ஒரு சபா கச்சேரியும் அதன் கேன்டீனும், பெசன்ட் நகர் கடற்கரை நடை என்று சென்னையில் இதற்கு இடங்கள் உண்டு. பக்கத்தில் நடந்தபடி பேசும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, மௌனமும் சங்கடமாகத் தெரியாது, பேச எதிரில் ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். நான்கு பேர் இருக்கும் பொது இடமாக அது இருக்க வேண்டும் என்பது இரண்டாவது முறைக்கும் பொருந்தும். ஒரு காபியை வைத்து ஒருவர் வீட்டுக்குப் போகும் அளவுக்குப் பழக்கம் வந்துவிடுவதில்லை. பத்து நாள்களுக்குள் சந்திப்பது நல்லது. அதற்குமேல் தள்ளிப்போனால் முதல் சந்திப்பில் வந்த கொஞ்ச நஞ்சப் பழக்கமும் மறைந்து, மறுபடி அறிமுகத்திலிருந்து தொடங்க நேரும்.

எடுத்துக்காட்டில் வரும் பெண் எழுதும் பதில் இப்படி இருக்கலாம்: “எனக்கும் நல்லா இருந்துச்சு. அன்னைக்கு ரொம்ப டயர்டா இருந்தேன், சரியா பேசல. பள்ளிக்கரணைக்குப் பறவை பார்க்கப் போவேன்னு சொன்னீங்களே, இந்த ஞாயித்துக்கிழமை நானும் வரலாமா? ஒன்பதரைக்குக் கிளம்பிடுவேன்.” முதல் முறை கேட்காமல் விட்டதை இந்தப் பதில் கேட்கிறது. முடியும் நேரத்தை முன்பே சொல்லிவிடுவதால் இருவருக்கும் அழுத்தம் குறைகிறது. காலையில் கால்வாசி நேரமாவது அவர் தனக்குப் பிடித்த விஷயத்தைப் பேசுவார். ஆணோ பெண்ணோ, ஒருவருடைய உண்மையான முகம் தெரிவது அப்படிப்பட்ட தருணங்களில்தான்.

அங்கே பார்க்க வேண்டியது பொறி பறக்கிறதா என்பதையல்ல, முதல் முறையைவிட ஏதாவது நகர்ந்திருக்கிறதா என்பதையே. அவர் சொன்ன ஏதோ ஒன்றுக்கு மனம்விட்டுச் சிரிப்பு வந்ததா? கேட்கப்படாமலே இவர் தன் வீட்டைப் பற்றியோ பயத்தைப் பற்றியோ ஒரு சொல் கூடுதலாகச் சொன்னாரா? ஒன்பதரை ஆனபோது இன்னும் கால் மணி இருக்கலாம் என்று தோன்றியதா? இவற்றில் ஒன்று நடந்திருந்தாலும் மூன்றாவது முறை சந்திக்கலாம். தூக்கமும் ஓய்வும் கிடைத்து, இடமும் மாறி, பேச்சும் மாறிய பிறகும் எல்லாம் முன்போலவே மட்டமாக இருந்தால், காரணம் சூழ்நிலை அல்ல என்று அறியலாம். மூன்று சந்திப்புகளுக்குப் பிறகும் அசைவே இல்லை என்றால் அங்கேயே நிறுத்துவது நல்லது. அதற்குமேல் நீட்டினால், ஒரு பக்கம் வளரும் எதிர்பார்ப்புக்கு மறுபக்கம் பொறுப்பேற்க நேரும்.

மறுப்பை எப்படிச் சொல்வது என்பதும் இதில் அடங்கும். முதல் சந்திப்போடு முடிப்பதானாலும் மூன்றாவதோடு முடிப்பதானாலும், பதில் போடாமல் காணாமல் போவதைவிட இரண்டு வரி எழுதிவிடுவது நல்லது. “உங்களச் சந்திச்சதுல சந்தோஷம். நிம்மதியா பேச முடிஞ்சது. ஆனா இதை மேல கொண்டுபோகணும்னு எனக்குத் தோணல. சொல்லாம விடக் கூடாதுன்னுதான் எழுதுறேன்.” இதில் குறை சொல்வது இல்லை, பொய்க் காரணம் இல்லை. “இப்ப வேலை ஜாஸ்தி, அப்புறம் பார்க்கலாம்” என்று எழுதினால் மறுபக்கம் அதை நம்பி ஒரு மாதம் கழித்து மறுபடி கேட்கும், மறுப்பை இரண்டாவது முறையும் சொல்ல வேண்டிவரும். ஒருமுறை தெளிவாகச் சொன்ன பிறகும் வற்புறுத்துபவருக்கு விளக்கம் தரத் தேவையில்லை, எண்ணை பிளாக் செய்வதில் குற்றவுணர்ச்சியும் வேண்டாம். மாறாக, “சொன்னதுக்கு நன்றி” என்று பதில் போடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடமும் முடிவை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை, பதிலுக்கு ஒரு வாழ்த்து போதும்.